பொருந்தினால் போதுமா?

பிதாகரஸ் தேற்றத்தைத் தாள் வெட்டிக் காட்டும் பாடம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடியும். துண்டுகள் பொருந்தும், பிள்ளைகள் கைதட்டுவார்கள், ஆசிரியர் கரும்பலகையில் a² + b² = c² என்று எழுதுவார், மணி அடித்துவிடும். துண்டுகள் ஏன் பொருந்தின என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க வைக்காவிட்டால் கத்தரிக்கோலுக்கும் மனப்பாடத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை.

வடசென்னை விம்கோ நகரில் ஒரு மாடி அறையில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்குச் சனிக்கிழமை மாலைகளில் கணக்குச் சொல்லித் தருகிறேன். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இந்தத் தேற்றம் எட்டாம் வகுப்பில் வருகிறது. பிள்ளைகளுக்கு வாய்பாடு தெரியும். 6, 8 கொடுத்தால் 10 என்று உடனே சொல்லிவிடுவார்கள். 'அந்த 36 எங்கே இருக்கிறது, காட்டு' என்றால் நோட்டில் எழுதிய எண்ணைத்தான் காட்டுவார்கள். அந்த 36 ஒரு பரப்பளவு, 6 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரம், கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள் என்பது வெட்டும்போதுதான் அவர்களுக்கு உறைக்கிறது. இந்த அத்தியாயம் அந்த வெட்டுதலைப் பற்றியது. தாளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பற்றியதும்கூட.

எட்டு முக்கோணங்கள்

எளிதில் கைவருவது எட்டு முக்கோண முறை. என்.சி.இ.ஆர்.டி.யின் ஏழாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் பல ஆண்டுகள் இருந்த செயல்பாடு இது. செங்கோணத்தை அடுத்த பக்கங்கள் 6 செ.மீ., 8 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 6-க்கு 8 அளவில் நான்கு செவ்வகங்கள் வெட்டி, ஒவ்வொன்றையும் மூலைவிட்டத்தில் இரண்டாக்கினால் ஒரே மாதிரியான எட்டு முக்கோணங்கள் கிடைக்கும். அடித்தளமாக 14 செ.மீ. பக்கமுள்ள இரண்டு சதுரங்கள் வேண்டும். ஒரு ஏ4 தாளில் இரண்டும் அடங்கிவிடும்.

முதல் சதுரத்தின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு முக்கோணத்தின் செங்கோணத்தைப் பொருத்த வேண்டும். சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு முக்கோணத்தின் 6-ம் அடுத்ததன் 8-ம் வரிசையாக உட்கார்ந்து 14 ஆகும். நடுவில் சாய்வாக ஒரு வெற்றிடம் எஞ்சும். இரண்டாவது சதுரத்தில் முக்கோணங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து இரண்டு செவ்வகங்களாக்கி, எதிரெதிர் மூலைகளில் ஒன்றைப் படுக்கையாகவும் மற்றதை நெடுக்கையாகவும் வைத்தால் இரண்டு வெற்றிடங்கள் எஞ்சும். ஒன்று 6 செ.மீ. சதுரம், மற்றது 8 செ.மீ. சதுரம்.

அடித்தளங்கள் இரண்டும் சமம். மேலே வைத்ததும் இரண்டிலும் நான்கு முக்கோணங்கள். ஆகவே எஞ்சிய வெற்றிடங்களும் சமமாக இருந்தாக வேண்டும். எண்ணிலும் சரிபார்க்கலாம்: 14 × 14 = 196. நான்கு முக்கோணங்களின் பரப்பளவு 96. மீதம் 100. அந்தப் பக்கம் 36 + 64, அதுவும் 100.

இங்கேதான் பெரும்பாலான வகுப்புகள் கைதட்டி நிறுத்திக்கொள்கின்றன. நடுவில் இருக்கும் சாய்ந்த வெற்றிடம் சதுரம்தான் என்று எப்படித் தெரியும்? 'நாலு பக்கமும் 10 தானே சார், அப்போ சதுரம்தான்' என்றாள் ஒரு பெண். நான்கு குச்சிகளை முனைகளில் கட்டி அவள் கையில் கொடுத்தேன். லேசாக அழுத்தினதும் அது சாய்சதுரமாகச் சரிந்தது. நான்கு பக்கமும் அப்படியே இருக்க, பரப்பளவு மட்டும் குறைந்துகொண்டே போனது. பக்கங்கள் சமமாக இருந்தால் மட்டும் பத்தாது, மூலைகளும் செங்கோணமாக இருக்க வேண்டும்.

அதைத் தாளிலேயே பார்க்கலாம். அடித்தளத்தின் ஒரு பக்கத்தில் 6-ம் 8-ம் சந்திக்கும் புள்ளியைக் கவனியுங்கள். அங்கே மூன்று கோணங்கள் ஒரே நேர்க்கோட்டின் மேல் அடுத்தடுத்து நிற்கின்றன: ஒரு முக்கோணத்தின் சிறிய குறுங்கோணம், நடுவில் வெற்றிடத்தின் மூலை, பிறகு அடுத்த முக்கோணத்தின் பெரிய குறுங்கோணம். மூன்றும் சேர்ந்து 180 பாகை. செங்கோண முக்கோணத்தில் இரண்டு குறுங்கோணங்களின் கூடுதல் 90. ஆகவே வெற்றிடத்தின் மூலைக்கு மிஞ்சுவது 90. நான்கு மூலைகளிலும் இதே கதைதான்.

முக்கோணம் செங்கோண முக்கோணம் என்ற செய்தி இந்த இடத்தில்தான் முழு வேலையும் செய்கிறது. கோணமானியை வைத்து அளந்து '90 வருகிறது' என்று சொல்வதற்கும் '90 ஆகத்தான் இருக்க முடியும்' என்று சொல்வதற்கும் இருக்கிற தூரத்தைப் பிள்ளைகள் முதல்முறை தாண்டும் இடமும் இதுதான். ஆனால் அந்தத் தூரத்தை அவர்கள் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. கண்ணுக்குத்தான் தெரிகிறதே, எதற்கு இவ்வளவு பேச்சு என்பார்கள். அவர்களுக்கென்றே ஒரு வெட்டு இருக்கிறது.

ஒரு கட்டம் எங்கிருந்து வந்தது?

8 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரம். பரப்பளவு 64. அதை முதலில் 3 செ.மீ. அகலமும் 5 செ.மீ. அகலமும் உள்ள இரண்டு பட்டைகளாக வெட்ட வேண்டும். 3 செ.மீ. பட்டையை மூலைவிட்டத்தில் வெட்டினால் இரண்டு முக்கோணங்கள். 5 செ.மீ. பட்டையின் ஒரு நீளப் பக்கத்தில் இடது ஓரத்திலிருந்து 5 செ.மீ.யிலும், எதிர்ப் பக்கத்தில் அதே ஓரத்திலிருந்து 3 செ.மீ.யிலும் புள்ளி வைத்து, இரண்டையும் இணைத்து வெட்டினால் இரண்டு சரிவகங்கள். மொத்தம் நான்கே துண்டுகள்.

ஒரு முக்கோணமும் ஒரு சரிவகமும் சேர்ந்து நீண்ட முக்கோணம்போல் ஒன்று வரும். அப்படி இரண்டை எதிரெதிராக வைத்தால் 5-க்கு 13 அளவில் ஒரு செவ்வகம் கிடைக்கும். 5 × 13 = 65. தாளைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. 64 எப்படி 65 ஆனது?

இந்தக் கேள்விக்கு முன்னால் கைதட்டல் எழாது. 'சார், ஒரு கட்டம் எங்கிருந்து சார் வந்துச்சு?' என்று ஒரு பையன் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இன்னொருவன் பசையை மேலே பூசிவிட்டோமோ என்றான். மூலைவிட்டத்தின் நடுப்பகுதியில் மெல்லிய இடைவெளி தெரிந்ததைச் சிலர் பார்த்தார்கள். ஆனால் கத்தரிக்கோல் கொஞ்சம் கோணிவிட்டது என்று நினைத்து, துண்டுகளை நெருக்கித் தள்ளி அதை மூடினார்கள்.

அந்த ஒரு கட்டம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. முக்கோணத்தின் சாய்பக்கம் 8 செ.மீ. போவதற்குள் 3 செ.மீ. ஏறுகிறது. சரிவகத்தின் சாய்பக்கம் 5 செ.மீ. போவதற்குள் 2 செ.மீ. ஏறுகிறது. ஒரு செ.மீ.க்கு எவ்வளவு என்று வகுத்தால் முதலாவது 0.375, இரண்டாவது 0.4. ஏற்றம் ஒன்றல்ல. ஆகவே இரண்டும் சேர்ந்து நேர்க்கோடு ஆகாது, சந்திக்கும் இடத்தில் லேசாக ஒடியும். இரு பக்கமும் அப்படி ஒடிவதால் நடுவில் ஒல்லியான ஓர் இணைகரம் திறந்துகொள்கிறது. அதன் பரப்பளவு சரியாக 1 சதுர செ.மீ. ஆனால் கிட்டத்தட்ட 14 செ.மீ. நீளத்துக்கு இழுபட்டிருப்பதால், அதன் மிக அகலமான இடமே 1 மி.மீ.க்குச் சற்று மேல்தான். பென்சில் கோட்டின் தடிப்பும் கத்தரியின் தடுமாற்றமும் அதை விழுங்கிவிடுகின்றன.

இதற்குப் பிறகு 'கண்ணுக்குத்தான் தெரிகிறதே' என்று யாரும் சொல்வதில்லை. தாளில் 1 மி.மீ.க்குக் கீழே உண்மையும் பொய்யும் ஒரே மாதிரிதான் தெரியும். அந்த அளவுக்குக் கீழே பார்க்க நமக்கு இருப்பது கோணக் கணக்கு மட்டுமே.

சென்னையில் மடித்த தாள்

தாளை வைத்து வடிவியல் செய்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. தாள் மடிப்பு வழியாக வடிவியல் பயிற்சிகளைச் சொல்லும் தி. சுந்தர ராவின் ஆங்கில நூல் 1893இல் சென்னையில்தான் அச்சானது. ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தம் விரிவுரை நூலில் அதைக் குறிப்பிட்டதும் வெளிநாட்டு ஆசிரியர்கள் தேடிப் படிக்கத் தொடங்கினார்கள். ஒரு சதுரத் தாளை மடித்து இதே பிதாகரஸ் தேற்றத்தைக் காட்டும் இடம் அதில் உண்டு. மடிப்பில் ஒரு வசதி இருக்கிறது: கோட்டுக்குத் தடிப்பு கிடையாது. தாளை ஒரு முறை மடித்து, அந்த மடிப்பு தன்மேலேயே விழும்படி மறுமுறை மடித்தால், மூலைமட்டம் இல்லாமலே செங்கோணம் கிடைத்துவிடும்.

பிறகு வந்தவர் பி.கே. சீனிவாசன் (1924–2005). முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தவர். காசு செலவில்லாத பொருட்களை வைத்தே பிள்ளைகளைக் கணக்குச் செய்ய வைத்தவர். 1993இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் அமைந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. விம்கோ நகரைப் போலவே அந்த இடமும் வடசென்னையில்தான் இருக்கிறது.

நான்கு துண்டுகளும் ஒரு சதுரமும்

எட்டு முக்கோண முறையில் ஒரு குறை உண்டு. சதுரங்கள் அதில் வெற்றிடங்களாகத்தான் வருகின்றன. இரண்டு சிறிய சதுரத் தாள்களையே எடுத்து, வெட்டி, மூன்றாவது சதுரத்தை நிரப்பிக் காட்ட முடியுமா? முடியும். 1801 முதல் 1898 வரை வாழ்ந்த லண்டன் பங்குத் தரகர் ஹென்றி பெரிகல் ஒரு வழி கண்டுபிடித்தார். அதில் அவருக்கு இருந்த பெருமையில் அந்தப் படத்தைத் தன் விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்துக்கொண்டார். அவருடைய கல்லறையிலும் அது செதுக்கப்பட்டிருக்கிறது.

பாடநூல்களில் இதைச் சொல்லும் விதம்: பெரிய சதுரத்தின் மையம் வழியாகக் கர்ணத்துக்கு இணையாக ஒரு கோடும், அதற்குச் செங்குத்தாக இன்னொரு கோடும் வரைக. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இணைகோடு வரைவது தொல்லை. மூலைமட்டம் நழுவும், கோடு மையத்தை விட்டு விலகும். அதைவிட எளிய வழி இருக்கிறது. 6 செ.மீ. சதுரம் ஒரு நிறத்திலும் 8 செ.மீ. சதுரம் வேறு நிறத்திலும் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் நிறமுள்ள வண்ணத்தாள் என்றால் துண்டு கவிழ்ந்தது உடனே தெரியும். 8-லிருந்து 6-ஐக் கழித்துப் பாதியாக்கினால் 1. பெரிய சதுரத்தின் ஓரமாகக் கடிகாரம் சுற்றும் திசையில் விரலை நகர்த்திப் போங்கள். ஒவ்வொரு மூலையையும் தாண்டியதும் 1 செ.மீ.யில் ஒரு புள்ளி. எதிரெதிர்ப் புள்ளிகளை இணைத்தால் இரண்டு வெட்டுக்கோடுகள் வந்துவிடும்.

வெட்டுவதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்ய வேண்டும். முதலாவது, ஒவ்வொரு கோடும் 10 செ.மீ. இருக்கிறதா? எதிர்ப் பக்கத்தில் திசை மாறிப் புள்ளி வைத்திருந்தால் கோடு 8 செ.மீ.தான் வரும். இரண்டாவது, நடுவில் கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஒரு தாளின் மூலையை வைத்தால் இடைவெளியின்றி உட்காருகிறதா? இந்தச் சோதனையை விட்டுவிடக் கூடாது. ஒரு ஜோடிப் புள்ளிகளைக் கடிகாரத் திசையிலும் அடுத்த ஜோடியை எதிர்த்திசையிலும் வைத்துவிட்டால் இரண்டு கோடுகளும் சரியாக 10 செ.மீ. வரும். ஆனால் செங்கோணம் வராது. அந்தப் பிள்ளை வெட்டிய பிறகு எத்தனை முறை மாற்றி அடுக்கினாலும் பொருந்தாது. தவறு எங்கே என்றும் தெரியாது.

சரியாக வெட்டினால் ஒரே மாதிரி நான்கு துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கங்கள் 1, 5, 5, 7. ஃபேனை நிறுத்திவிட்டு, துண்டுகளைப் பிரிப்பதற்கு முன்பே ஒவ்வொன்றிலும் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போடச் சொல்கிறேன். அதன் காரணம் அடுக்கும்போது தெரியும். இப்போது துண்டுகளை இடம் மாற்ற வேண்டும்: சதுரத்தின் நடுவில் சந்தித்திருந்த மூலைகள் வெளியே போக வேண்டும், வெளியே இருந்த மூலைகள் உள்ளே வர வேண்டும். பிள்ளைகள் துண்டைச் சுழற்றுவார்கள், கவிழ்ப்பார்கள். இரண்டுமே வேண்டாம். அம்புகள் எல்லாம் மேலே பார்த்தபடியே இருக்க, துண்டுகளை நகர்த்தினால் மட்டும் போதும். சாய்ந்து நிற்கும் 10 செ.மீ. சதுரம் உருவாகும். நடுவில் சாயாமல் நேராக ஒரு குழி. 6 செ.மீ. சதுரத்தை அப்படியே தூக்கி வைத்தால் அது நிரம்பிவிடும்.

65 பாடத்துக்குப் பிறகு யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: 'இதுலயும் இடைவெளி ஒளிஞ்சிருக்குமா சார்?' அந்தக் கேள்விக்கு ஸ்கேல் பதில் சொல்லாது. மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்.

முதலில் வெட்டுக்கோட்டின் நீளம். அது சதுரத்தின் குறுக்கே 8 செ.மீ. போகிறது. ஒரு பக்கத்தில் 1-ல் தொடங்கி எதிர்ப் பக்கத்தில் 7-ல் முடிவதால் 6 செ.மீ. ஏறுகிறது. அதாவது 6-ம் 8-ம் செங்கோணத்தில் சேரும் நம் முக்கோணத்தின் கர்ணமேதான் அது. நீளத்தைக் கண்டுபிடிக்கத் தேற்றத்தையே பயன்படுத்திவிட்டோமோ என்ற சந்தேகம் வேண்டாம். 10 என்ற எண்ணே இங்கே தேவையில்லை, கர்ணத்துக்குச் சமம் என்பது போதும். வெட்டு மையத்தில் பாதியாகிறது, இரண்டு பாதிகள் சேர்ந்து சாய்ந்த சதுரத்தின் ஒரு பக்கமாகின்றன.

அடுத்து அந்தப் பாதிகள் சந்திக்கும் இடம். ஒவ்வொரு துண்டிலும் மையத்தில் இருந்தது 90, சதுரத்தின் மூலையாக இருந்தது 90. நாற்கரத்தின் கோணங்கள் 360 ஆகையால் மீதி இரண்டும் சேர்ந்து 180. சாய்ந்த சதுரத்தின் பக்கத்து நடுவில் சந்திப்பது ஒரு துண்டின் குறுங்கோணமும் அடுத்த துண்டின் விரிகோணமும்தான். ஆகவே அங்கே கோடு ஒடியவே முடியாது. 65 வந்த வெட்டில் ஒடிந்தது இந்த இடத்தில்தான்.

கடைசியாகக் குழியின் பக்கம். ஒரு துண்டின் 7 செ.மீ. பக்கத்தின்மேல் அடுத்த துண்டின் 1 செ.மீ. பக்கம் ஒட்டி நிற்கிறது. மிச்சம் 7 − 1 = 6. அங்கே நிற்கும் மூலை 90 என்பதால் குழியின் மூலையும் 90. சிறிய சதுரம் அதில் உட்காருவது தற்செயல் அல்ல.

வேறு எண்களை வைத்தாலும் இந்த வாதம் மாறாது. பெரிய பக்கம் b, சிறிய பக்கம் a என்றால் புள்ளி (b − a)/2 இல் விழும். துண்டின் நீண்ட பக்கம் (a + b)/2. இரண்டையும் கழித்தால் a. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் புள்ளி மூலைக்கே போய்விடும், வெட்டுகள் மூலைவிட்டங்களாகிவிடும். 7-ம் 7-ம் கொடுத்து இதைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடலாம்.

89 பாகை

இந்தப் பாடத்தைச் செங்கோண முக்கோணத்தோடு நிறுத்தினால் ஒரு கேள்வி மீதியிருக்கும்: செங்கோணம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பெரும்பாலான ஆசிரியர்கள் 60 பாகை முக்கோணத்தைக் கொடுத்துப் பொருந்தவில்லை என்று காட்டுவார்கள். அது யாருக்கும் சந்தேகமில்லாத விஷயம். நான் கொடுப்பது 4, 7, 8 பக்கங்கள் கொண்ட முக்கோணம். காம்பஸால் வரைந்து, 8-க்கு எதிரே உள்ள கோணத்தை அளக்கச் சொன்னால் பாதிப் பேர் 90 என்று எழுதுவார்கள்.

16 + 49 = 65. ஆனால் 8 × 8 = 64. மறுபடியும் அதே இரண்டு எண்கள். அந்தக் கோணம் ஏறக்குறைய 89 பாகை. செங்கோணமாக இருந்திருந்தால் எதிர்ப் பக்கம் 8.06 செ.மீ. இருந்திருக்கும். வித்தியாசம் 1 மி.மீ.கூட இல்லை. இதே முக்கோணத்தில் நான்கை வெட்டி 11 செ.மீ. அடித்தளத்தின் மூலைகளில் வைத்தால் ஒவ்வொரு மூலையிலும் 1 பாகை பொருந்தாமல் நிற்கும். 7 செ.மீ. தள்ளிப் போனால் அது 1 மி.மீ.க்குச் சற்றே மேல். ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலைக் குறை சொல்லாமல் நோட்டை எடுத்தாள். வெற்றிடத்தின் மூலைக்கு வந்தபோது நின்றுவிட்டாள். 'இதுல ரெண்டு கோணமும் சேர்ந்து 91 வருது சார். அப்போ மிச்சம் 89 தானே, சதுரம் இல்லையே' என்றாள்.

அவள் கையில் இருந்த துண்டுகள் கிட்டத்தட்டப் பொருந்தித்தான் இருந்தன. அவை ஏன் பொருந்தக் கூடாது என்பதை அவள் தாளை அளக்காமலே சொன்னாள்.